வாய்க்கணக்கிலிருந்து கொட்டேஷனுக்கு

"மாடியில பழைய ஓட்டைப் பேத்துட்டு, வாட்டர் புரூஃபிங் பண்ணி, கூலிங் டைல்ஸ் ஒட்டிடலாம்மா. ஒரு அறுநூறு அடி வரும். பின்பக்கச் சுவரு உப்பிப்போச்சு, முழுசாக் கொத்திப் பூசணும். பெட்ரூம் சீலிங்ல கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட் விட்டிருக்கு, நாலுக்கு நாலு இடம்தான். பாத்ரூம்ல ரெண்டு குழாய் மாத்தணும். எல்லாம் சேத்து ஒன்னேகால் லட்சம் ஆகும்."

வீட்டைச் சுற்றிப் பார்த்த மேஸ்திரி ஒரே மூச்சில் இப்படிச் சொல்லி முடிக்கிறார். அனுபவமுள்ள மேஸ்திரியின் கண் அளவு பெரும்பாலும் தப்பாது. தொகையும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் வாயில் வருகிறது. ஆனால் வீட்டுக்கார அம்மாவுக்கு அது ஒற்றை எண்ணாக மட்டுமே வந்து சேர்கிறது. வேலை பாதி நடந்திருக்கும்போது "இதெல்லாம் அப்ப சொன்னதுல வராதும்மா" என்ற பேச்சு வந்தால், எது வரும், எது வராது என்று காட்ட இரண்டு பேர் கையிலும் எதுவும் இருக்காது.

அந்த வாய்ப்பட்டியலை விவரம், அளவு, அலகு, ரேட், தொகை என்று கட்டம் போட்டு எழுதுவதுதான் கொட்டேஷன். இதற்குச் சிவில் இன்ஜினீயர் தேவையில்லை. பல ஊர்களில் மேஸ்திரியின் கல்லூரி முடித்த பிள்ளையோ, டைப் அடிக்கும் கடைக்காரரோ, வீட்டுக்காரரோதான் எழுதுகிறார்கள். மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். கால் நூற்றாண்டுப் பழைய தரைத்தள வீடு, மாடி 30 அடிக்கு 20 அடி. எழுதுபவர் மேஸ்திரியின் மகள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் ரேட்டுகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. ஊருக்கும் பொருளின் தரத்துக்கும் ஏற்ப அவை மாறும்.

மகள் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை வேலைகள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பது. பிரிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. அலகு மாறினால் புது வரி. அளவு மாறினாலும் புது வரி. மாடியைப் பற்றி அப்பா சொன்னது ஒரே வாக்கியம். அதில் மூன்று வேலைகள் வெளிப்படையாகத் தெரிகின்றன: பெயர்ப்பது, வாட்டர் புரூஃபிங், டைல்ஸ். மூன்றுக்கும் 600 சதுர அடி என்று எழுதிவிடலாம் போலத்தான் இருக்கும்.

ஆனால் வாட்டர் புரூஃபிங் தரையோடு நிற்பதில்லை. தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் தண்ணீர் இறங்கும். அதனால் சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிப் பூச வேண்டும். மாடியின் சுற்றளவு 100 அடி. ஒரு அடி உயரம் என்றால் இன்னும் 100 சதுர அடி. ஆக டைல்ஸுக்கு 600, வாட்டர் புரூஃபிங்குக்கு 700. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால் இந்த 100 அடி காணாமல் போகும். பிறகு மேஸ்திரி கைக்காசு போட்டு அதைச் செய்வார், அல்லது செய்யாமலே விட்டுவிடுவார். இரண்டாவது நடந்தால் அடுத்த மழையில் மூலையில் ஓதம் தெரியும்.

அப்பா சொல்லாத நான்காவது வேலை ஒன்றும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பெயர்த்த குப்பை எங்கே போகும்?

பழைய மாடிகளில் தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம் இருக்கும். ஓடும் தளமும் சேர்ந்து நாலு அங்குலக் கனம் என்று எடுத்துக்கொண்டால், 600 சதுர அடிக்கு 200 கன அடி வருகிறது. அது கெட்டியாகக் கிடக்கும்போது உள்ள அளவு. உடைத்துக் குவித்தால் இடைவெளி விழுந்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பெருகும். நூறு கன அடி கொள்ளும் டிராக்டர் டிப்பரில் மூன்று லோடு. மாடியிலிருந்து இறக்கும் கூலி, ஏற்றும் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து லோடுக்கு 3,000 என்றால் 9,000 ரூபாய். ரிப்பேர் வேலைகளில் அடிக்கடி சண்டை வருவது இந்த வரியில்தான். புது வீடு கட்டும்போது இடித்து அகற்ற எதுவும் இருக்காது. அந்தப் பழக்கத்தில் பலர் இதைப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பின்பக்கச் சுவர். இங்கே மகள் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"அடிக்கு எழுபத்தஞ்சுன்னா, எந்த அடிப்பா?"

"சதுர அடிதான். ஜன்னல் ஓரம் மட்டும் ஓட்ட அடி."

பேச்சில் எல்லாமே அடிதான். சுவர்ப் பூச்சு சதுர அடியில் வரும். ஜன்னல் ஓரம், படிக்கட்டு விளிம்பு, குழாய்ப் பதிப்பு போன்றவை ஓட்ட அடியில், அதாவது நீளத்தில் மட்டும் வரும். கான்கிரீட்டும் குப்பையும் கன அடியில் வரும். சில மேஸ்திரிகள் சதுரக் கணக்கு பேசுவார்கள். ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. "சதுரத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு" என்பதும் "அடிக்கு எழுபத்தைந்து" என்பதும் ஒன்றே. மணலையும் ஜல்லியையும் யூனிட்டில் சொல்வார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. அதனால் அளவுக்குப் பக்கத்தில் அலகு என்ற கட்டம் தனியாக இருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் வரியில் ரேட்டை எழுதிப் பயனில்லை.

அலகு முடிந்ததும் டேப். சுவர் நீளம் 30 அடி, உயரம் 10 அடி 10 அங்குலம். மேஸ்திரியின் நோட்டில் இது 10.10 என்று இருக்கும். பல மேஸ்திரிகள் புள்ளிக்கு அடுத்து அங்குலத்தைத்தான் எழுதுவார்கள், அவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டினால்தான் தவறு. கால்குலேட்டருக்கு 10.10 என்பது பத்தும் பத்தில் ஒரு பங்கும். பெருக்கினால் 303 சதுர அடி. உண்மையில் 10 அங்குலம் என்பது ஓர் அடியில் பன்னிரண்டில் பத்துப் பங்கு. அப்படிப் பெருக்கினால் 325 சதுர அடி. ஒரே சுவரில் 22 அடி குறைந்து, 75 ரூபாய் ரேட்டில் 1,650 ரூபாய் மேஸ்திரிக்கு நஷ்டம். இதுவே 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று தட்டினால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நஷ்டம், ஏனென்றால் அது 10.5 தான். அங்குலத்தை எப்போதும் 12 ஆல் வகுத்த பிறகே அடியோடு சேர்க்க வேண்டும்.

சுவரில் கதவு ஜன்னல் இருக்குமே, அந்த இடத்துக்கும் காசு உண்டா? இது பழைய வழக்கு. கட்டட வேலைகளை அளப்பதற்கென்று ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதன் 12-ஆம் பகுதி பூச்சு வேலைக்கானது. அரை சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 5.4 சதுர அடிக்கு, மேற்படாத திறப்புகளைக் கழிக்க வேண்டாம் என்கிறது அது. அந்தச் சிறு திறப்பின் ஓரங்களைப் பூசும் வேலைக்குத் தனியாகக் காசு கேட்கவும் கூடாது. அதைவிடப் பெரிய கதவு ஜன்னல்களுக்கு அளவையும், எந்தப் பக்கம் பூசுகிறோம் என்பதையும் பொறுத்து விதி மாறும். வீட்டு வேலையில் நடைமுறை ஊருக்கு ஊர் வேறு. சில மேஸ்திரிகள் ஓர வேலைக்கு ஈடாக எதையும் கழிக்காமல் முழுச் சுவரையும் அளப்பார்கள். சிலர் கழித்துவிட்டு ஓரத்தைத் தனியாக அளப்பார்கள். இரண்டும் நியாயமான முறைதான். எந்த முறை என்று வேலைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும், அவ்வளவே.

இந்த வீட்டில் கழித்து அளப்பதாகப் பேச்சு. நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு, மூணுக்கு ஏழு கதவு ஒன்று, மொத்தம் 53 சதுர அடி. பாத்ரூமின் சிறு வென்டிலேட்டர் 3 சதுர அடிதான் என்பதால் அதைக் கழிக்கவில்லை. 325-இல் 53 போனால் 272 சதுர அடி. ஓரங்கள்: ஜன்னல் ஒன்றுக்கு நாலு பக்கமும் சேர்த்து 16 அடி, இரண்டுக்கு 32. கதவுக்குக் கீழ்ப்பக்கம் இல்லை, மூன்று பக்கமும் சேர்த்து 17. ஆக 49 ஓட்ட அடி.

சீலிங்தான் எழுதுவதற்குச் சிரமமான வரி. மேஸ்திரி நாலுக்கு நாலு என்று சொன்னது கண்ணுக்குத் தெரியும் இடம். கம்பி துருப்பிடித்தால் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உந்தித் தள்ளும். மேலே விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் உள்ளே விட்டுப்போயிருக்கக் கூடும். சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் காலிப் பானை போல ஒலிக்கும். ஒலி மாறும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுச் சேர்த்தால், இந்த அறையில் 16 சதுர அடி என்பது 5-க்கு 6 ஆக, 30 சதுர அடியாக விரிகிறது.

அதுவும் முடிவான அளவில்லை. கொத்திப் பார்த்தால்தான் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். துருவைச் சுரண்டி, துரு நீக்கும் திரவமும் துரு தடுக்கும் பிரைமரும் அடித்து, பாலிமர் கலவையால் மூடினால் போதும் என்ற நிலையில் இருக்கலாம். சில இடங்களில் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டியிருக்கலாம். எத்தனை கிலோ என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தெரியாத அளவை ஊகித்து எழுத வேண்டாம். விவரத்தையும் ரேட்டையும் மட்டும் எழுதி, அளவையும் தொகையையும் காலியாக விட்டு, "ரேட் மட்டும்" என்று குறித்துவிடலாம். கம்பி தேவைப்பட்டால் கிலோவுக்கு என்ன என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. தேவைப்படாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

கடைசியாகக் குழாய். ரெண்டு குழாய் மாற்றுவது என்றால் குழாயை யார் வாங்குவது? இந்த வீட்டில் குழாய் வீட்டுக்காரருடையது, மேஸ்திரிக்கு மாட்டும் கூலி மட்டும். இந்தக் கேள்வியை எல்லா வரிக்கும் கேட்க வேண்டும். பூச்சு சதுர அடி 75 என்பது சிமென்ட், மணலோடா, லேபர் மட்டுமா? ஒரு மேஸ்திரி 45 என்றும் இன்னொருவர் 75 என்றும் சொன்னால், முதலாமவர் மலிவு என்று ஆகிவிடாது. முதல் ரேட் லேபர் மட்டுமாக இருக்கலாம். விவரக் கட்டத்திலேயே "பொருளுடன்" அல்லது "லேபர் மட்டும்" என்று எழுதிவிட்டால்தான் இரண்டு கொட்டேஷன்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சாரம் கட்டுவதும் அப்படியே. சுவர் வேலையின் ரேட்டிலேயே அது அடங்கியிருந்தால் "சாரம் உட்பட" என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும்.

இத்தனையும் பிரித்த பிறகு மகள் எழுதிய கட்டம் இப்படி வருகிறது:

| வ.எண் | விவரம் | அளவு | அலகு | ரேட் (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|---|
| 1 | மாடியின் பழைய தட்டோடும் அடித்தளமும் பெயர்த்தெடுத்தல் | 600 | ச.அடி | 18 | 10,800 |
| 2 | பெயர்த்த குப்பையை இறக்கி, ஏற்றி, அப்புறப்படுத்துதல் | 3 | லோடு | 3,000 | 9,000 |
| 3 | வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட், கைப்பிடிச் சுவரில் 1 அடி உயரம் வரை, பொருளுடன் | 700 | ச.அடி | 38 | 26,600 |
| 4 | நீர்வாட்டம் பார்த்துக் கலவை போட்டு கூலிங் டைல்ஸ் ஒட்டுதல், பொருளுடன் | 600 | ச.அடி | 105 | 63,000 |
| 5 | பின்பக்கச் சுவர் பழைய பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசுதல், பொருளுடன், சாரம் உட்பட | 272 | ச.அடி | 75 | 20,400 |
| 6 | ஜன்னல், கதவு ஓரப் பூச்சு, பொருளுடன் | 49 | ஓட்ட அடி | 40 | 1,960 |
| 7 | பெட்ரூம் சீலிங் கொத்தி, துரு நீக்கி, பாலிமர் கலவை பூசுதல், பொருளுடன் | 30 | ச.அடி | 400 | 12,000 |
| 8 | சீலிங்கில் தேவைப்பட்டால் புதுக் கம்பி கட்டுதல், பொருளுடன் | – | கிலோ | 120 | ரேட் மட்டும் |
| 9 | பாத்ரூம் குழாய் மாட்டுதல், லேபர் மட்டும் | 2 | எண்ணம் | 300 | 600 |
| | மொத்தம் | | | | 1,44,360 |

மேஸ்திரி வாயால் சொன்னது ஒன்னேகால் லட்சம். கட்டம் காட்டுவது 19,360 ரூபாய் கூடுதல். மேஸ்திரி தப்பாகச் சொல்லிவிட்டார் என்று இதற்குப் பொருளில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டமே சொல்கிறது. குப்பை 9,000. கைப்பிடிச் சுவரில் ஏற்றிய 100 சதுர அடி வாட்டர் புரூஃபிங் 3,800. சீலிங்கில் தட்டிப் பார்த்தபோது கூடிய 14 சதுர அடி 5,600. மூன்றும் சேர்ந்து 18,400. மீதி 960 ரூபாய் வாய்க்கணக்கில் ரவுண்டாகச் சொன்னதால் விட்டுப்போனது. வீட்டுக்கார அம்மா தொகையைக் குறைக்க நினைத்தாலும் இப்போது வழி தெரிகிறது. "ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க" என்று பொதுவாகக் கேட்க வேண்டியதில்லை. டைல்ஸை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா, குப்பை வண்டியைத் தானே ஏற்பாடு செய்யலாமா என்று வரி வரியாகப் பேசலாம்.

இதை எக்செல்லில் எழுதுபவர்கள் தொகைக் கட்டத்தில் எண்ணைக் கையால் தட்டாமல் சூத்திரம் போடுவது நல்லது. இல்லாவிட்டால் ரேட்டை மாற்றும்போது தொகை பழையபடியே நின்றுவிடும். வ.எண் முதல் தொகை வரை ஆறு கட்டங்களும் A முதல் F வரை, முதல் வேலை இரண்டாவது வரியில் என்று வைத்தால்:

```
=10+10/12
=ROUND(C2*E2,0)
=SUM(F2:F10)
```

முதலாவது, 10 அடி 10 அங்குலத்தை அடியாக மாற்றுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு வரியின் தொகை. மூன்றாவது மொத்தம். 8-ஆம் வேலை வரும் ஒன்பதாவது வரியில் மட்டும் சூத்திரத்துக்குப் பதில் "ரேட் மட்டும்" என்று எழுதினாலும் கூட்டல் கெடாது, எழுத்துள்ள கட்டத்தை SUM தாண்டிப் போய்விடும்.

அளவையும் ரேட்டையும் பெருக்கி வருவதும், தொகையில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது? அரசு டெண்டர்களில் பொதுவாக ரேட்டைத்தான் சரி என்று எடுத்துக்கொண்டு தொகையைத் திருத்துவார்கள். வீட்டு வேலைக்கும் அதுவே பொருந்தும், ஏனென்றால் இரண்டு பேரும் பேசி ஒப்புக்கொண்டது ரேட்டை. அளவு டேப் சொல்வது, கொத்திய பிறகு மாறக்கூடியது. தொகை வெறும் பெருக்கல். இது புரிந்துவிட்டால், கொட்டேஷனில் திருத்தாமல் காக்க வேண்டிய கட்டம் எது என்பதும் புரிந்துவிடும்.

மொத்தத்துக்குக் கீழே இன்னும் சில வரிகள் வரவேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள காண்ட்ராக்டராக இருந்தால் பொருளோடு செய்யும் இத்தகைய வேலைக்கு 18 சதவீதம், இந்தத் தொகைக்கு 25,985 ரூபாய், தனி வரியாக வரும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை எழுதி வசூலிக்க முடியாது. "ஜி.எஸ்.டி. தனி" என்று மட்டும் எழுதி எண் போடாமல் விட்டிருந்தால், பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அடுத்து, இதில் அடங்காதவை: பெயின்டிங், எலக்ட்ரிக்கல், கரண்ட், தண்ணீர். டைல்ஸ், சிமென்ட் விலை ஏறி இறங்கும் என்பதால் இந்த ரேட் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் வேண்டும். கடைசியாக, முன்பணம் எவ்வளவு, மாடி முடிந்ததும் எவ்வளவு, எல்லாம் முடிந்ததும் எவ்வளவு என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை முடிந்த அன்று அதே தாளை மறுபடி எடுத்து, அளவுக் கட்டத்துக்குப் பக்கத்தில் "நடந்த அளவு" என்று ஒரு கட்டம் சேர்க்கிறார்கள். சீலிங்கைக் கொத்தியபோது 30 சதுர அடி 36 ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 2,400 ரூபாய் கூடும். புதுக் கம்பி 12 கிலோ போனது, 1,440 ரூபாய். மற்ற வரிகள் எழுதியபடியே நடந்தன. ஃபைனல் பில் 1,48,200 ரூபாய். இந்த 3,840 ரூபாய்க்காக வீட்டுக்கார அம்மா ரேட்டைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மேஸ்திரியோடு அறைக்குள் போய், புதுக் கலவை பூசிய இடத்தில் டேப் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். கம்பியின் எடையைக் கலவை மூடுவதற்கு முன்பே, கடைக்காரர் எடை போட்ட சீட்டோடு காட்டி வாங்கியிருப்பார் மேஸ்திரி.